முடித்து வரும் நாளின் பணம்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



தோஹாவின் சனையா தொழில்பேட்டையில் நின்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் கசப்பானது. கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். அப்போது கணவன் இங்கே உழைத்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு, அதை எப்படிப் பெறுவது? குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் மணமுறிவு மனுக்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். வீடு, நகை, வண்டி, சீர்வரிசைப் பாத்திரம் வரை அவற்றில் எழுதியிருப்பார்கள். கிராஜுவிட்டி என்ற சொல் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த விடுபட்ட சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இங்கே வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. கத்தாரின் ஓய்வூதியத் திட்டம் அவருக்கானதல்ல. அவருக்கு இருப்பது, கேன்சலில் ஊருக்குப் போகும் நாளில் கம்பெனி கணக்குத் தீர்த்துக் கையில் கொடுக்கும் தொகை ஒன்றுதான். 2004ஆம் ஆண்டின் 14ஆம் எண் தொழிலாளர் சட்டம், 54ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது மூன்று வாரச் சம்பளம் தர வேண்டும். முழுதாக முடியாத ஆண்டுக்கும் அதற்குரிய விகிதத்தில் உண்டு. கணக்குக்கு அடிப்படை, கடைசியாக வாங்கிய பேசிக் சம்பளம். சாப்பாட்டுப் பணமும், தங்குமிடப் பணமும், ஓவர்டைமும் அதில் சேராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய கதையும் அல்ல, விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் 2007இல் ஃபிட்டராக இங்கே வருகிறார். 2010இல் கல்யாணம். மனைவி ஊரிலேயே இருக்கிறார். மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார், இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார், வருகிற பணத்தில் வீடு கட்டும் வேலையையும் நின்று கவனிக்கிறார். 2022இல் இருவரும் பிரிகிறார்கள். 2025இல் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். ஒரே கம்பெனியில் 18 ஆண்டு. மாதம் 2,700 ரியால் வாங்கினாலும் அதில் பேசிக் 1,800தான். அதை 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 60 ரியால். மூன்று வாரத்துக்கு, அதாவது 21 நாளுக்கு, 1,260 ரியால். 18 ஆண்டுக்கு 22,680 ரியால். ஒரு ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்தே கால் லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பதினெட்டு வருட உழைப்பின் முடிவில் அவர் கைக்கு வரும் ஓய்வுப் பணம் முழுவதும் இவ்வளவுதான்.

இதில் மனைவிக்கு எவ்வளவு என்று கேட்டால், இந்தியச் சட்டத்தில் நேரடியான பதில் கிடையாது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 27ஆம் பிரிவு சொத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது திருமணத்தின்போதோ அதையொட்டியோ இருவருக்கும் சேர்த்து அளிக்கப்பட்ட பொருள்களைப் பற்றியது மட்டுமே. திருமண வாழ்க்கையில் ஒருவர் சம்பாதித்ததை இருவருக்கும் பொதுவான சொத்தாகக் கருதும் வழக்கம் நம் சட்டத்தில் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. மனைவி கேட்கக்கூடியது ஜீவனாம்சம். 25ஆம் பிரிவின்படி அதை மொத்தமாகவும் கேட்கலாம், மாதாமாதமும் கேட்கலாம். தொகையைத் தீர்மானிக்கும்போது கணவனின் வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். அவருடைய ஓய்வுப் பணமும் அந்தப் பார்வைக்குள் வரலாம். ஆனால் அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மனைவியின் பெயருக்கு மாற்றும் அதிகாரத்தை அந்தப் பிரிவு தரவில்லை. முஸ்லிம் சகோதரிகளுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நியாயமான, போதுமான ஏற்பாட்டைக் கணவன் செய்துதர வேண்டும் என்று 2001இல் டானியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் தந்தது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் மீண்டும் உறுதி செய்தது. எந்த மதத்தாராக இருந்தாலும் கதவு ஒன்றுதான், அது ஜீவனாம்சத்தின் கதவு.

வெளியே எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை. ஜெர்மனியில் 1977 முதல், திருமணக் காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளை மணமுறிவு வழக்கிலேயே நீதிமன்றம் கணக்கெடுத்துச் சமமாகப் பிரிக்கிறது. இங்கிலாந்தில் 2000 டிசம்பரிலிருந்து ஓய்வூதியத்தைப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவு போடலாம். சிங்கப்பூரில் மத்திய சேமநிதியில் திருமணக் காலத்தில் சேர்ந்த தொகை குடும்பச் சொத்தாகவே கருதப்படுகிறது. கணவரின் சேமநிதிக் கணக்கிலிருந்து மனைவியின் கணக்குக்கு நீதிமன்ற ஆணையின் பேரில் பணம் போகும். அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே சட்டம்தான். இந்த நாடுகளில் எல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. பணம் ஒரு கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கை ஒரு நிறுவனம் காக்கிறது, நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உத்தரவு போடுகிறது.

நம் ஃபிட்டரின் கிராஜுவிட்டிக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. வேலையை விட்டு விலகும் நாள்வரை அது கம்பெனி தர வேண்டிய கடனாக மட்டுமே நிற்கிறது. எந்த வங்கியிலும் அவர் பெயரில் அது தனியாகச் சேர்வதில்லை. துபாய் சர்வதேச நிதி மையத்தில் 2020 பிப்ரவரி முதல் கம்பெனிகள் மாதாமாதம் ஒரு நிதிக்குப் பணம் கட்டும் முறை வந்திருக்கிறது. அங்கே தொழிலாளியின் பெயரில் ஓர் இருப்பு தெரியும். சனையாவின் வொர்க்‌ஷாப்களில் அந்த நிலை இல்லை. ராமநாதபுரம் குடும்ப நல நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தால், அது தானாக நடந்து வந்து இங்குள்ள கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அறையில் உட்காராது. கத்தார் சட்டப்படி சம்பளத்தைப் பிடித்து வைக்க இங்குள்ள நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். ஊரில் இருக்கும் பெண்ணுக்கு இங்கே வந்து வழக்காடுவது நடக்கக்கூடிய காரியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் பணம் கரையவும் வழிகள் உண்டு. 2020க்குப் பிறகு என்ஓசி இல்லாமலேயே கம்பெனி மாற முடிகிறது. தொழிலாளிக்கு அது பெரிய விடுதலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கம்பெனியின் கணக்கு அப்போதே தீர்ந்துவிடும். 18 ஆண்டின் முடிவில் ஒரே தொகையாக வர வேண்டியது மூன்று நான்கு துண்டாக வந்து செலவாகிவிடும். வங்கியில் கடன் வாங்கியிருந்தால் சம்பளத்தோடு கடைசி செட்டில்மென்ட்டும் அந்த வங்கிக்கே போகும்படி கம்பெனியிடம் கடிதம் வாங்கியிருப்பார்கள். கம்பெனிக்குத் தொழிலாளி தர வேண்டிய பாக்கியைக் கிராஜுவிட்டியிலிருந்து கழிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே 22,680 என்று காகிதத்தில் வந்த கணக்கு கையில் 9,000ஆக வரலாம். மனைவியின் தரப்பில் பேசுபவர் சம்பளச் சீட்டோடு கடன் விவரத்தையும் கேட்க வேண்டியது இதனால்தான்.

இனி, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்புக்கு வருகிறேன். இது மணமுறிவு வழக்கு அல்ல, சொத்து வழக்கு. ஆனாலும் வளைகுடாக் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் 1980களில் சவூதிக்குப் போய்ப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். அனுப்பிய பணத்தில் மனைவி தமிழ்நாட்டில் சொத்து வாங்கினார். அவர் திரும்பி வந்ததும், பணம் என்னுடையது, ஆகவே சொத்து முழுதும் எனக்கே என்று வழக்குப் போட்டார். 2023 ஜூன் 21 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். கணவன் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கியதால்தான். அந்த உழைப்பும் சொத்து சேர்ந்ததில் ஒரு பங்களிப்பே. இந்த அடிப்படையில் சில சொத்துகளில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார். இல்லத்தரசியின் இந்தப் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதையும் அதே தீர்ப்பில் குறிப்பிட்டார். அப்படிப் பங்களிப்பை ஏற்கக்கூடாது என்று சொல்லும் சட்டமும் இல்லை என்றார்.

இந்தத் தர்க்கம் கிராஜுவிட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஃபிட்டர் 18 ஆண்டு இங்கே நிற்க முடிந்தது, ஊரில் ஒருவர் மற்ற எல்லாவற்றையும் சுமந்ததால். நிலத்துக்குப் பொருந்தும் நியாயம், அதே சம்பளத்தின் தள்ளிவைக்கப்பட்ட பகுதியான கிராஜுவிட்டிக்குப் பொருந்தாமல் போக ஒரு காரணமும் இல்லை. ஆனால் நிலம் ஊரில் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வழக்குப் போடலாம். கிராஜுவிட்டி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நியாயம் ஒன்றாக இருந்தும் கைக்கு எட்டும் தூரம் வேறாகிவிடுகிறது.

எட்ட வைப்பது எப்படி? முதல் படி, அப்படி ஒரு பணம் இருப்பதை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவது. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையைக் கட்டாயமாக்கியது. ஜீவனாம்சம் கேட்கும் எந்த வழக்கிலும் இரண்டு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தப் படிவத்தில் தனியாகவே கேள்விகள் இருக்கின்றன. பொய் சொன்னால் பொய்ச் சாட்சியம் அளித்த குற்றத்துக்கு ஆளாக நேரிடும். எதிர்த்தரப்பின் வருமானத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுதவும் அதில் இடம் இருக்கிறது. கணவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, கம்பெனி பெயர், பேசிக் சம்பளம் ஆகிய மூன்றும் மனைவிக்குத் தெரிந்திருந்தால் போதும். மீதிக் கணக்கை நான் மேலே போட்டதைப்போல எந்த வழக்கறிஞரும் போட்டுவிடலாம். இந்த மூன்றையும் வேலை ஒப்பந்தத்தின் ஒரு நகல் சொல்லிவிடும். அந்த நகல் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும், குடும்பம் நல்லபடியாக இருக்கும் காலத்திலேயே.

இரண்டாவது படிதான் முக்கியமானது. வளைகுடாத் தம்பதியர் பலர் பரஸ்பர சம்மதத்தோடு 13பி பிரிவின்கீழ் பிரிகிறார்கள். அதற்கு ஒரு சமரச ஒப்பந்தம் எழுதுவார்கள். அதில் வழக்கமாக வரும் ஒரு வரி, இத்தொகையைப் பெற்றுக்கொண்டதால் இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பது. ஃபிட்டரின் வழக்கில் 2022இல் அந்த வரியில் கையெழுத்திட்டால், 2025இல் வரப்போகும் பணத்தின்மேல் மனைவி வைக்கக்கூடிய உரிமை அன்றே போய்விடும். ஒப்பந்தத்தில் கிராஜுவிட்டி என்ற சொல்லே வராமல் அது நடந்துவிடும். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரியாது. கணவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

அந்த வரிக்குப் பதில் என்ன எழுதலாம்? தொகையை எழுதக்கூடாது என்பது என் யோசனை. சம்பளம் மாறும், கம்பெனி மாறும். அதனால் கணக்கு முறையை எழுத வேண்டும். மொத்தம் 18 ஆண்டு வேலை. அதில் திருமண உறவு நீடித்த காலம் 2010 முதல் 2022 வரை 12 ஆண்டு. ஆக மூன்றில் இரண்டு பங்கு திருமணக் காலத்தில் விளைந்தது. 22,680இல் மூன்றில் இரண்டு 15,120. அதில் பாதி 7,560 ரியால், நம் பணத்தில் சுமார் 1,74,000 ரூபாய். திருமணத்துக்கு முந்தைய மூன்று ஆண்டும், பிரிந்த பிறகான மூன்று ஆண்டும் கணவருக்கு மட்டுமே உரியவை.

இதில் ஒரு தகராறு எழும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிந்தபோது அவருடைய பேசிக் 1,500தான் இருந்தது என்று வையுங்கள். அதன்படி பார்த்தால் 12 ஆண்டுக்கு 12,600 ரியால், மனைவியின் பாதி 6,300. கடைசிப் பேசிக்கின்படி 7,560. வித்தியாசம் 1,260 ரியால். பிரிந்த பிறகு உயர்ந்த சம்பளத்தில் அவளுக்கு என்ன உரிமை என்று கணவர் தரப்பு கேட்கும். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பதினைந்து ஆண்டு அனுபவம் இருந்ததால்தான் பதினாறாம் ஆண்டில் அந்த உயர்வு வந்தது. அந்த அனுபவத்தின் பெரும்பகுதி திருமணக் காலத்தில் சேர்ந்தது. அதனால் கடைசிப் பேசிக்கை எடுப்பதே சரி என்று நான் கருதுகிறேன். இருவரும் பேசி வேறு விதமாக முடிவு செய்தாலும் பரவாயில்லை. எந்தப் பேசிக் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு கழித்து அதற்காகவே இன்னொரு வழக்கு வரும்.

கணக்கு முறையோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். கம்பெனி மாறும்போது வரும் செட்டில்மென்ட்டுக்கும் இதே முறை பொருந்தும் என்று எழுத வேண்டும். செட்டில்மென்ட் சீட்டின் நகலை இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், பணம் இன்ன வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுத வேண்டும். தொழிலாளி வேலையில் இருக்கும்போதே இறந்துபோகும் நிலையையும் மறக்கக்கூடாது. அப்போது சேர வேண்டிய தொகையைக் கம்பெனி 15 நாளுக்குள் இங்குள்ள நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், நீதிமன்றம் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்கிறது கத்தார் சட்டம். பிள்ளைகள் வாரிசுகள். மணமுறிவு பெற்ற மனைவி வாரிசு அல்ல. அவருடைய பங்கு கணவரின் மற்றச் சொத்திலிருந்தாவது தரப்பட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால்தான் அவர் எதையாவது கேட்க முடியும்.

வாக்குறுதி எழுதிவிட்டால் போதுமா, கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. தர வேண்டிய தொகைக்கு ஈடாக, எதிர்த்தரப்பின் அசையாச் சொத்தின்மீது பொறுப்பு ஏற்படுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சனையாவில் இருக்கும் கிராஜுவிட்டியைத் தமிழ்நாட்டு நீதிமன்றம் தொட முடியாது. அதே சம்பளத்தில் ஊரில் கட்டிய வீட்டைத் தொட முடியும். கிராஜுவிட்டிப் பங்கு வந்து சேரும்வரை வீட்டின்மேல் அந்தப் பொறுப்பு நிற்கட்டும் என்று சமரச ஆணையிலேயே கேட்டு வாங்கலாம். பணம் கொடுத்ததும் பொறுப்பு நீங்கும். கொடுக்காமல் வீட்டை விற்க முயன்றால் வாங்க வருபவருக்கு அது தடையாக நிற்கும். காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் இன்றைக்கே கணக்குப் பார்த்து, கிராஜுவிட்டி முழுதும் கணவருக்கு, அதற்குப் பதில் மனையில் இத்தனை சென்ட் மனைவிக்கு என்றும் முடித்துக்கொள்ளலாம். இருவரும் மறுமணம் செய்துகொள்ளும் எண்ணத்தில் இருந்தால் இந்த வழியே நல்லது. பழைய கணக்கு புது வாழ்க்கைக்குள் வராது.

இங்கு வருவதற்கு முன் இந்தியாவில் வேலை செய்து வருங்கால வைப்பு நிதியை அப்படியே விட்டு வந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அது உறுப்பினரின் பெயரில் இருக்கும்வரை கடனுக்காக ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் காக்கிறது. ஆகவே அதிலும் நேரடிப் பங்கீடு இல்லை. பிரமாணப் பத்திரத்தில் காட்டி, மொத்தத் தொகையைத் தீர்மானிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளச் செய்யலாம். பிரிந்த பிறகு வாரிசு நியமனத்தை மாற்றி எழுதுவதும் மறக்கக்கூடாத வேலை.

நான் இதுவரை கணவன் இங்கே, மனைவி ஊரில் என்றே பேசினேன். தோஹாவில் நர்ஸாக, வீட்டு வேலை செய்பவராக உழைக்கும் நம் பெண்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பணியாளர்களுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு மூன்று வாரச் சம்பளம் கிராஜுவிட்டியாக உண்டு. 25ஆம் பிரிவு கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கணவனும் அதே கணக்கைக் கேட்கலாம். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும்.

2010இல் ஒரு திருமணச் சட்டத் திருத்த மசோதா வந்தது. மணமுறிவின்போது கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர அது வழி செய்ய முயன்றது. 2013இல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. மக்களவை எடுத்துக்கொள்ளும் முன் 2014இல் அவை கலைந்தது, மசோதா காலாவதியாகிவிட்டது. வெளிநாட்டில் உழைக்கும் குடும்பங்களின் கடைசி செட்டில்மென்ட்டைத் தெளிவாகச் சொல்லும் ஒரு புதிய சட்டம் வேண்டும். அதைக் கேட்கும் உரிமையும் கடமையும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு இருக்கிறது.

சட்டம் வரும்வரை, பிரிய முடிவெடுத்த எந்தத் தம்பதியும் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். வேலை ஒப்பந்தத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வழக்கறிஞரின் மேசையில் வையுங்கள். கிராஜுவிட்டி என்ற சொல் அந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.